ஆகுபெயரும் என் மச்சானும்

அச்சகத்தில் தாள் தூக்கிக் கொடுக்கும் வேலையில் சேர்ந்தபோது எனக்கு மீசை கூட முளைக்கவில்லை. பள்ளிக்கூடத்தை அதற்கு முன்பே முடித்துக்கொண்டேன், அல்லது அது என்னை முடித்துக்கொண்டது. இன்று அதே தெருவில் என் அச்சகத்தில் மூன்று எந்திரங்கள் ஓடுகின்றன. யார் தயவும் இல்லாமல் வந்தவன் நான். இதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. ஆனால் இது என் கதை இல்லை. என் மனைவியின் தம்பியைப் பற்றியது. அவனை நினைத்தாலே எனக்கு ரத்தம் கொதிக்கும், அதனால்தான் எழுதுகிறேன்.

மச்சான் தமிழில் எம்.ஏ. என் அச்சகத்தில்தான் அச்சுக்கு முன் பிழை திருத்தி மெய்ப்புப் பார்க்கிறான். அரசாங்க வேலைத் தேர்வுக்குப் படிக்கிறவர்களுக்கு நாங்கள் அச்சடிக்கும் கேள்வி வங்கிகளில் தமிழ்ப் பகுதிக் கேள்விகளெல்லாம் அவன் போட்டவை. புத்தகத்தில் பயிற்சி மையத்தின் பெயர் இருக்கும், முதலாளியின் படம் இருக்கும். கேள்வி போட்டவன் பெயர் எங்கும் இருக்காது. தன் பெயர் ஒரு புத்தகத்தின் அட்டையில் வரவேண்டும் என்பது ஒன்றுதான் அவனுடைய ஆசை. கல்யாணம், வீடு, வண்டி எதற்கும் அவன் இப்படி ஏங்கியதில்லை.

ஆகுபெயர் என்றால் அவனுக்கு உயிர். ஒன்றின் பெயர் அதோடு தொடர்புள்ள வேறொன்றுக்கு ஆகி வருவது. மல்லிகை என்பது கொடியின் பெயர். 'மல்லிகை தொடுத்தாள்' என்றால் கொடியையா தொடுத்தாள்? பூவைத்தான். எனக்கு அவன் சொல்லித்தான் இது தெரியும். ஆனால் தெரியாமலே நாங்கள் எல்லோரும் பேசிக்கொண்டுதான் இருந்தோம். ஒரு நாள் காலையில் நான், "பைண்டிங் இன்னிக்கு லீவாம், வயித்துவலியாம்" என்றேன்.

"தொழிலாகு பெயர், மாமா" என்றான் மெய்ப்பிலிருந்து தலை தூக்காமல்.

"என்னது?"

"பைண்டிங்னா தொழில். வயித்துவலி தொழிலுக்கா வரும்? ஆளுக்குத்தானே."

"ஆள் வராம வேலை கெடக்குது, நீ அதுக்குப் பேர் வெச்சிட்டு உக்காந்திரு" என்றேன்.

இப்படிப்பட்டவனுக்குப் போன வருடம் வாய்ப்பு வந்தது. பெரிய பயிற்சி மையம் ஒன்றின் உரிமையாளர், எல்லோரும் டைரக்டர் என்று கூப்பிடுவார்கள், ஆகுபெயருக்கென்றே தனியாக ஒரு கேள்வி வங்கி வேண்டும் என்று வந்தார். நான் விடவில்லை. அட்டையில் மச்சான் பெயர் வந்தால்தான் எந்திரம் ஓடும் என்றேன். டைரக்டர் முகத்தைச் சுளித்தார், ஒப்புக்கொண்டார். நான் பேசினால் நடக்கும்.

அட்டை வடிவமைப்பு அன்றைக்கே தயாரானது. பெயரைப் பார்த்து மச்சான் எழுத்து கொஞ்சம் சின்னதாக இருக்கலாமே என்றான். ஆனால் சின்னதாக்கச் சம்மதிக்கவில்லை.

பிரச்சினை உள்ளே இருந்தது. வழக்கமான கேள்வி இப்படி இருக்கும்: கோடிட்ட சொல் எவ்வகை ஆகுபெயர்? கீழே நான்கு வகை. பிள்ளைகள் வாக்கியத்தைப் படிக்கவே மாட்டார்கள். மல்லிகை என்று கண்டால் முதலாகு பெயர், தலை என்று கண்டால் சினையாகு பெயர் என்று குறித்துவிட்டுப் போய்விடுவார்கள். மச்சான் ஒவ்வொரு கேள்வியிலும் நான்காவது வகையை எடுத்துவிட்டு வேறொரு விடையை வைத்திருந்தான்: (ஈ) ஆகுபெயர் அன்று. 'தலைக்கு ஒரு பழம் கொடு' என்றால் தலை ஆளைக் குறிக்கிறது, சினையாகு பெயர். 'தலை வலிக்கிறது' என்றால் தலை தலைதான். 'வகுப்பு சிரித்தது' என்றால் பிள்ளைகள், இடவாகு பெயர். 'வகுப்பைப் பெருக்கினார்' என்றால் வெறும் அறை. இப்படிச் சோடி சோடியாகப் போட்டு நடுநடுவே கலைத்து வைத்திருந்தான்.

டைரக்டர் மெய்ப்பைத் தன் மாணவர்களிடம் கொடுத்துப் பார்த்தார். மறுநாள் தாள்களைக் கொண்டுவந்து மேசையில் போட்டார். எல்லாத் தாளிலும் சிவப்பு.

"பாத்தீங்களா சார்? ஒருத்தருக்கும் வரல" என்றார்.

மச்சான் முகம் மலர்ந்தது. "பாத்தீங்களா சார்? ஒருத்தருக்கும் வரல!"

ஒரே வாக்கியம். இரண்டு பேரும் ஜெயித்த மாதிரி நின்றார்கள். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

"வராத புத்தகத்தை எவன் சார் வாங்குவான்? நம்ம பிள்ளைங்களுக்கு நம்பிக்கை வரணும்" என்றார் டைரக்டர்.

"தப்பான நம்பிக்கை எதுக்கு சார்? பரீட்சையில மல்லிகைக்குத் தண்ணி ஊத்துனான்னு வந்தா?"

"இத்தனை வருஷமா வரல."

"வந்தா?"

"அட்டையில பேர் வேணுமா வேணாமா?"

நான் குறுக்கே புகுந்தேன். "மச்சான், பாதியை எடுத்துடு. பாதி இருக்கட்டும். வியாபாரம்னா அப்படித்தான்."

"எந்தப் பாதி மாமா? தலைவலியை எடுக்கவா, வகுப்பை எடுக்கவா?"

"உன் தலையை எடு" என்றேன். சத்தியமாக அவ்வளவு கோபம்.

கடைசியில் அவன் சொன்னான்: "பேரை எடுத்துடுங்க. கேள்வியை அப்படியே விட்டுடுங்க." சொன்னதும் எழுந்து பின்பக்கம் போய்விட்டான். காகிதக் கட்டுகளுக்கு நடுவே அவன் மூக்குறிஞ்சியது எனக்குக் கேட்டது. என்னிடம் காசு இருக்கிறது, நானே போடுகிறேன் என்று அவனிடம் சொல்லிப் பார்த்தேன். "மாமா வீட்டுக் காசுல பேர் போட்டுக்கிட்டான்னு சொல்றதுக்கா?" என்றான். திமிரில் அவன் எனக்குச் சளைத்தவன் இல்லை.

டைரக்டர் எதற்கும் ஒப்பாமல், கேள்விகள் இருந்த கணினிக் கோப்பை வாங்கிக்கொண்டு வேறு அச்சகத்துக்குப் போனார். புத்தகம் வந்தது. கடையில் பார்த்த என் மனைவி ஒரு பிரதியோடு ஓடி வந்தாள். "தம்பி, உன் பேரு!" அட்டையில் மச்சான் பெயர், பெரிய எழுத்தில். அவர்கள் அட்டையை மாற்றச் சோம்பல்பட்டிருக்கிறார்கள்.

மச்சான் அட்டையைத் தடவினான். உள்ளே புரட்டினான். அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

'ஆகுபெயர் அன்று' என்றிருந்த இடத்திலெல்லாம் கணினியில் ஒரே தட்டில் 'தொழிலாகு பெயர்' என்று மாற்றியிருந்தார்கள். பின்னால் இருந்த விடைப் பட்டியலைத் தொடவே இல்லை. தலை வலிக்கிறது, விடை (ஈ), தொழிலாகு பெயர். வகுப்பைப் பெருக்கினார், விடை (ஈ), தொழிலாகு பெயர். அத்தனையும் எம்.ஏ. பட்டத்தோடு அவன் பெயரில்.

டைரக்டருக்குப் போன் போட்டுக் கத்தினேன். "நல்லா போகுது சார், அடுத்த பதிப்புல பாக்கலாம்" என்றார்.

பிழை கண்டால் அழையுங்கள் என்று கடைசிப் பக்கத்தில் மச்சான் தன் எண்ணைக் கொடுத்திருந்தான். அதையும் யாரும் நீக்கவில்லை. போன வாரம் நான் பக்கத்தில் இருக்கும்போது ஒரு பெண் அழைத்தாள். அவன் ஒலிபெருக்கியில் போட்டான்.

"சார், மல்லிகைக்குத் தண்ணீர் ஊற்றினான், இது எப்படி சார் தொழிலாகு பெயர்? ஊத்துறது தொழிலுங்கிறதாலயா?"

"இல்லம்மா. அது ஆகுபெயரே இல்ல. மல்லிகைங்கிறது கொடியோட பேரு. இங்க அது கொடியைத்தான் சொல்லுது. புத்தகம் தப்பு."

"புத்தகம் நீங்க எழுதினதுதானே சார்?"

மச்சான் என்னைப் பார்த்தான். நான் கூரையைப் பார்த்தேன்.

"ஆமாம்மா. பேனா இருக்கா? அந்த 'ஈ'யை அடிச்சிட்டு, ஆகுபெயர் அன்றுன்னு எழுதிக்கோ."

"வேணாம் சார். புத்தகம் முழுக்க 'ஈ'ன்னே மனப்பாடம் பண்ணிட்டேன்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.