கடைசிக் கதிரைக்குத் தெரிந்த கோடு

போர் முடிந்து சில வருடங்கள் கழிந்த காலம். கடலோடு இணைந்த உப்பு ஏரியான புத்தளம் களப்பில் மீன்வளம் பெருக்கும் திட்டமொன்றில் வேலை செய்தேன். மீன் குஞ்சு பெருகும் ஒரு பகுதியை வலை போடாமல் ஒதுக்க வேண்டும். அதற்கு மீனவர்களின் சம்மதம் கேட்கும் கூட்டம் கற்பிட்டியில், ஒரு சங்க மண்டபத்தில் நடக்கவிருந்தது. திரையில் படம் காட்டி விளக்குவது என் பொறுப்பு.

ஸ்லைட்களைத் தலைமை அலுவலகம் அனுப்பியிருந்தது. கருநீலப் பின்னணியில் மெல்லிய சாம்பல் எழுத்து. களப்பின் படத்தில் வலை போடக்கூடிய பகுதி இளநீலம், கூடாத பகுதி இளம்பச்சை. என் மடிக்கணினியில் அழகாகத்தான் இருந்தன.

காலையில் போய்ப் புரொஜெக்டரைப் போட்டதும் படம் சரியாகத் தெரியவில்லை. மண்டபத்தின் இரு பக்கமும் ஜன்னல்கள், திரைச்சீலை இல்லை. சாத்தினால் வெக்கையில் ஒருவரும் இருக்கமாட்டார்கள். பக்கத்துக் களப்புத் தண்ணீரில் பட்டுத் தெறித்த வெயில் திரையிலே விழுந்தது. கருநீலம் அழுக்குச் சாம்பலாக வெளிறி, சாம்பல் எழுத்து அதற்குள் மறைந்துபோயிருந்தது. படத்தில் பச்சையுமில்லை, நீலமுமில்லை. களப்பு முழுவதும் ஒரே நிறம்.

புரொஜெக்டரால் கறுப்பை வீச முடியாது. ஒளி விழாத இடம்தான் அதற்குக் கறுப்பு. அந்த இடத்தை வெயில் நிரப்பிவிட்டால் கறுப்பு எங்கே இருக்கும்?

முன்பு இங்கே ஒரு விளக்கக் கூட்டம் நடத்தியிருந்த திட்ட அதிகாரி என்னோடு வந்திருந்தார். அவரிடம் சொன்னேன். “சேர், இதை வெள்ளைப் பின்னணிக்கு மாத்தணும். ஒண்டும் தெரியுதில்ல.”

“அலுவலகம் தந்த வடிவத்தில கை வைக்க வேணாம். நீங்க வாயால விளங்கப்படுத்துங்க, அவங்க கை தூக்குவாங்க.”

“எதுக்குக் கை தூக்குறண்டு தெரியாமலா?”

அவர் தொலைபேசியோடு வெளியே போய்விட்டார். வாசலில் ஆட்கள் செருப்புக் கழற்றும் சத்தம் கேட்டது. மேசைமேல் குனிந்து மாற்றத் தொடங்கினேன்.

பின்னணியை வெள்ளையாக்கினேன், எழுத்தைக் கறுப்பாக்கினேன். கடைசிக் கதிரை வரை ஓடிப்போய்த் திரும்பிப் பார்த்தேன். எழுத்துத் தெரிந்தது, ஆனால் மெல்லிய எழுத்தின் புள்ளிகள் கரைந்திருந்தன. ‘கல்’ என்பது ‘கல’ என்று நின்றது. ஆகக் கனத்த எழுத்தைப் போட்டேன். இப்போது ‘ண’வின் சுழிகள் அடைபட்டன. ஒரு படி குறைத்தேன், எழுத்தையும் பெரிதாக்கினேன். இடம் போதாததால் பாதிச் சொற்களை வெட்டினேன். தலைப்புக்கு மஞ்சள் பூசிப் பார்த்தேன். வெள்ளையில் அது இருந்த இடமே தெரியவில்லை. படத்தில் நிறங்களை நம்பாமல், வெளிறலும் கருமையும் மட்டும் வைத்தேன்: வலை போடக்கூடிய தண்ணீர் வெள்ளை, தடுத்த பகுதி கடும் கருநீலம், சுற்றிலும் தடித்த கறுப்புக் கோடு.

கடைசிக் கதிரையில் ஒரு மூத்த மீனவர் வந்து அமர்ந்திருந்தார். “வாப்பா, அந்தக் கறுத்த துண்டு தெரியுதா?” என்று தகப்பன் முறை வைத்துக் கேட்டேன்.

“தெரியுது மக. ஊர்ப் பேரும் வாசிக்க ஏலும்.”

கூட்டம் தொடங்கும் நேரத்துக்கு உள்ளே வந்த சேர் திரையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். தொலைபேசியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு முன்வரிசையில் அமர்ந்தார். படம் வந்ததும் மண்டபத்தில் சலசலப்பு எழுந்தது. உச்சமுனையிலிருந்து கணவரோடு படகில் வந்திருந்த ஒரு பெண் எழுந்தார்.

“மிஸ், அந்தக் கோடு எங்கட கரைக்கு முன்னால தானே வருது? நானும் இவரும் அங்கதான் நண்டு வலை போடுற. போன கூட்டத்தில இப்படிச் சொல்லல்லயே.”

“போன கூட்டத்திலயும் இதே படம்தான்,” என்றார் சேர்.

“படம் காட்டினது உண்மதான் சேர். ஆனா எங்களுக்கு ஒண்டும் தெரியல்ல. நீங்க நல்லதுண்டு சொன்னீங்க, நாங்களும் தலையாட்டினோம்.”

மாம்புரிப் பக்கத்து ஆட்களும் எழுந்தார்கள். ஒருவர் திரைக்கே போய், கோடு எங்கே வளைய வேண்டுமென்று விரலால் காட்டினார். விரலின் நிழல் படத்தில் விழுந்தது. ஒருவரும் கை தூக்கவில்லை. சம்மதமில்லாமலே கூட்டம் கலைந்தது.

திரும்பும் வழியில் வாகனத்துக்குள் மடிக்கணினியை மடியில் வைத்துக்கொண்டு கணக்குப் போட்டேன். பழைய ஸ்லைட்களையே காட்டியிருந்தால் சம்மதத்தோடு திரும்பியிருப்போம். எனக்கு வேலை போய்விடுமோ என்ற பயம் இருந்திராது. அப்படியே விட்டிருக்கலாமோ என்று ஒரு கணம் நினைத்தேன். அடுத்த கணம், தான் வலை போடும் இடம் பறிபோவது தெரியாமல் அந்தப் பெண் கை தூக்கியிருப்பதை நினைத்தேன்.

பாலாவிக்கு வந்ததும் சேர் தேத்தண்ணிக் கடையில் வாகனத்தை நிறுத்தச் சொன்னார். “அந்தக் கோட்ட எங்க வளைக்கச் சொன்னாங்க? மறக்க முந்திக் கீறி வைங்க,” என்றார்.

குறிப்பேட்டில் அந்த வளைவை வரைந்து வைத்தேன். அடுத்த கூட்டத்தில் காட்டிய படத்தில் உச்சமுனைக் கரைக்கு முன்னால் தண்ணீர் வெள்ளையாக இருந்தது. அன்றைக்குத்தான் கைகள் உயர்ந்தன, அதுவும் நிறையக் கேள்விகளுக்குப் பிறகு.