தளத்துக்குப் போன சாம்பல் சிமெண்ட்

பிள்ளைகளே, நம் வீட்டு நடு அறைச் சுவரில் தலைமுடி போல ஓடும் கீறல்களைத் தடவிப் பார்த்து, "வூடு வுழுந்துடுமா அப்பா?" என்று கேட்கிறீர்கள். அந்தக் கீறல் பூச்சோடு சரி, அதனால் ஒன்றும் ஆகாது. எனக்குப் பயமாக இருந்தது மேலே இருக்கிற தளத்தை நினைத்துத்தான். அந்தக் கதையை எழுதி வைக்கிறேன்.

படப்பைக்கு அப்பால் ஏரிக்கரைப் பக்கம் இந்த மனையில், கட்டுகிற வீட்டை ஒட்டி ஓலைக் கொட்டகை போட்டு இருந்தோம். நான் ஒரு பட்டறையில் கடைசல் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். உங்கள் அக்கா அப்போது கைக்குழந்தை. கொட்டகை ஒழுகியது, குழந்தைக்குச் சளி விடவே இல்லை. பெருமழை பிடிப்பதற்குள் நல்ல கூரைக்கடியில் போய்விட வேண்டும் என்று உங்கள் அம்மா தினமும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்தக் காலத்தில் நினைத்தபோது சிமெண்ட் கிடைக்காது. அதிலும் சாதா சிமெண்ட் அபூர்வம். கடையில் தாராளமாகக் கிடைத்தது பொசலானா என்ற கலப்பு சிமெண்ட். நிலக்கரிச் சாம்பலையோ சுட்ட களிமண்ணையோ சேர்த்து அரைத்தது. நம் வீட்டைக் கட்டிய மேஸ்திரி அதைச் சாம்பல் சிமெண்ட் என்பார். அது மட்டமான சரக்கு இல்லை. மெதுவாக இறுகும், ரொம்ப நாள் தண்ணீர் கேட்கும், ஆனால் நாள் போகப் போக நல்ல பலம் பிடிக்கும். அதனால் உப்புத் தண்ணீர் ஊறுகிற நம் அஸ்திவாரத்துக்கு அதைத்தான் போட்டோம். மண்ணுக்கடியில் கிடக்கிற கான்கிரீட்டுக்கு யார் அவசரப்படப் போகிறார்கள்? பூச்சுக்கும் அதுவே என்று வைத்திருந்தோம், வெடிப்பு குறைவாக விடும். சாதா சிமெண்ட் சீக்கிரம் பலம் பிடிக்கும். தளத்தை அடியில் தாங்கும் முட்டுக் கட்டைகளைச் சீக்கிரம் உருவலாம் என்பதால், அலைந்து வாங்கியதைத் தளத்துக்கென்றே தனியாக அடுக்கி வைத்தேன்.

தளம் போட்ட அன்று பாதி வேலையில் தூறல் பிடித்தது. ஆட்கள் ஓடி ஓடிக் கலவை போட்டார்கள். முடிந்ததும் மேஸ்திரி சிமெண்ட் அடுக்கியிருந்த சின்னக் கொட்டகை மேல் தார்ப்பாயை இழுத்துக் கட்டிவிட்டார். அதற்குப் பிறகு அதை யாரும் திறக்கவில்லை.

மேலே பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தினோம். தண்ணீர் நிற்காத ஓரங்களில் அன்று காலியான சாக்குகளை நனைத்துப் போட்டோம். தளத்துக்குத் தண்ணீர் ஊற்றுவது உங்கள் அம்மா வேலை. குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு ஏணியில் ஏறுவாள்.

முட்டு பிரிக்கிற நாள் வந்தது. பலகையும் சவுக்குக் கட்டையும் வாடகைக்குக் கொடுத்த சென்ட்ரிங்காரர் மாட்டு வண்டியோடு காலையிலேயே வந்துவிட்டார். மணிமங்கலத்தில் அவருக்கு இன்னொரு தளம் காத்திருந்தது. கற்பூரம் ஏற்றித் தேங்காய் உடைத்தோம். மேஸ்திரி அறை நடுவில் நின்று முதல் முட்டின் அடி ஆப்பைச் சுத்தியால் தட்டினார்.

"மேஸ்திரி, நிறுத்துங்க!" என்று மேலேயிருந்து உங்கள் அம்மா கத்தினாள்.

ஈரச் சாக்கு ஒன்றை இழுத்துக்கொண்டு இறங்கி வந்தாள். "சேறு கழுவினப்பத்தான் பாத்தேன், இந்தச் சாக்குல எழுத்து வேற மாதிரி கீது. இது பூச்சுக்கு வெச்ச சிமெண்ட் ஆச்சே?"

நான் ஓடிப்போய்த் தார்ப்பாயைத் தூக்கினேன். அலைந்து வாங்கிய சாதா சிமெண்ட் அடுக்கு கலையாமல் இருந்தது. பக்கத்தில் கலப்பு சிமெண்ட் வைத்திருந்த இடம் காலி. தூறலில் ஓடிய ஆட்கள் கொட்டகை வாசலுக்குக் கிட்ட இருந்த அடுக்கைக் காலி செய்திருக்கிறார்கள். உள்ளே இருந்ததைத் தொடவேயில்லை.

சென்ட்ரிங்காரர் சிரித்தார். "இன்னா சிமெண்டா இருந்தா இன்னா? காஞ்சா எல்லாம் கல்லுதான் தங்கச்சி. பலகைய உடுங்க, வண்டி நிக்குது."

"அப்ப ஒண்ணு பண்ணுங்கண்ணே," என்றாள் உங்கள் அம்மா. "உள்ள பாய் போட்டுத் தரேன். நீங்க படுத்துக்குங்க. மேஸ்திரி முட்ட உருவட்டும்."

ஆட்கள் சிரித்துவிட்டார்கள். சென்ட்ரிங்காரர் முகம் கறுத்தது. "பொம்பள பேச்சக் கேட்டு வூடு கட்டுறீங்களா சார்? மணிமங்கலத்துக்காரன் என் சட்டையப் புடிப்பான்."

மேஸ்திரி சுத்தியோடு வெளியே வந்தார். ஏணியில் ஏறித் தள ஓரத்தில் ஆணியால் கீறினார். கோடு வெள்ளையாக விழுந்து மாவு உதிர்ந்தது. சுத்தியால் தட்டினார். மந்தமாக ஒரு சத்தம். ஜன்னல் மேலே இருந்த லிண்டலைத் தட்டினார். கணீரென்றது. லிண்டல் முன்பே, கிடைத்த சாதா சிமெண்டில் போட்டு நன்றாக இறுகியது. இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்ப்பது முழு நியாயம் இல்லை. ஆனாலும் அந்தச் சத்தம் கேட்டதும் சென்ட்ரிங்காரரின் ஆட்கள்கூட வாசலுக்கு வெளியே நகர்ந்து நின்றார்கள்.

"மழ ஈரம் வேற," என்றார் மேஸ்திரி. "சாம்பல் சிமெண்ட் குளிர்ல இன்னும் சோம்பேறி. இன்னும் ரெண்டு வாரமாவது நிக்கணும். நான் தட்ட மாட்டேன்."

"என் பலகைய நான் தட்டிக்கிறேன்," என்று சென்ட்ரிங்காரர் சுத்தியைப் பிடுங்கினார். நான் வாசலில் கையை விரித்து நின்றுவிட்டேன். என்னைவிட ஒரு சாண் உயரம் அவர். "அண்ணே, உள்ள உங்க ஆளுங்கதான் நிப்பாங்க," என்று மட்டும் சொன்னேன்.

அவர் தன் ஆட்களைத் திரும்பிப் பார்த்தார். அவர்களில் ஒருவர் அவர் மச்சான். சுத்தியைக் கீழே போட்டார். என்னைத் திட்டிக்கொண்டே காலி வண்டியை ஓட்டிப் போனார். மேஸ்திரி முதல் வேலையாகத் தளர்ந்த ஆப்பை மறுபடி இறுக்கினார்.

மறுநாளே பெருமழை பிடித்தது. கொட்டகை ஓலை ஒரு பக்கம் சரிந்தது. வேறு வழியில்லாமல் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அந்தத் தளத்துக்கடியில்தான் போனோம். முட்டு அசையாதவரை பயமில்லை என்று மேஸ்திரி சொன்னார். "ஆனா ஒரு கட்டையிலயும் துணி காயப் போடக் கூடாது, தூளி கட்டக் கூடாது, சாயக்கூடக் கூடாது" என்றார். சவுக்குத் தோப்புக்குள் குடித்தனம் பண்ணுவது போல இருந்தது. குழந்தை தவழ்ந்து ஒரு கட்டையைப் பிடிக்கப் போனால் இரண்டு பேரும் பாய்வோம். பலகைச் சந்தில் ஒரு சொட்டு விழுந்தால்கூட நான் எழுந்து உட்கார்ந்துவிடுவேன். "நான் சாக்கப் பாக்காமலே இருந்திருக்கலாம், இந்நேரம் நிம்மதியா தூங்கிக்கினு இருப்போம்" என்று உங்கள் அம்மா ஒரு நாள் சொன்னாள். பிறகு அவளே மேலே பார்த்துக் குழந்தையைக் கிட்ட இழுத்துக்கொண்டாள்.

மழைக்காலம் முழுக்க வைத்தால் அந்தச் சாதா சிமெண்ட் ஈரம் இழுத்துக் கட்டிதட்டிவிடும். அதனால் மழை விட்டபோதெல்லாம் அதை வைத்தே நடு அறையைப் பூசினார் மேஸ்திரி. மணலைக் கொஞ்சம் கூட்டிப் போட்டார், பூசியதை நனைத்துக்கொண்டே இருந்தார். அப்படியும் மயிர்க் கீறல் விட்டது. நீங்கள் தடவுவது அதைத்தான்.

மழை ஓய்ந்து, மேஸ்திரி சொன்ன கெடுவும் தாண்டிய பிறகு சென்ட்ரிங்காரர் வந்தார். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். மேஸ்திரி மறுபடி ஆணியால் கீறினார். இந்தத் தடவை ஆணிதான் வழுக்கியது.

"எல்லாரும் வெளிய போங்க" என்றார் சென்ட்ரிங்காரர். மேஸ்திரியும் அவரும் மட்டும் உள்ளே நின்றார்கள். நடுவிலிருந்து சுவரை நோக்கி ஒவ்வொரு முட்டாகத் தளர்த்தினார்கள். நாங்கள் வாசலில் நின்று பார்த்தோம். கடைசிக் கட்டை சாய்ந்தது. மேலே ஒரு சத்தமும் இல்லை. பலகைகள் ஒவ்வொன்றாகக் கழன்றன. அடியில் பலகை ரேகை அப்படியே பதிந்த சாம்பல் நிறக் கான்கிரீட், ஒரு வெடிப்பு இல்லாமல்.

"வாம்மா தங்கச்சி," என்று சென்ட்ரிங்காரர் உள்ளேயிருந்து கூப்பிட்டார். "பாய் போடு. இப்பப் படுக்கறேன்."

அவள் பாய் போடவில்லை. தளம் போடும்போதே தூளிக்கென்று புதைத்திருந்த கொக்கியில் கயிற்றை மாட்டினாள். இரண்டு கையாலும் அதைப் பிடித்துக் காலைத் தூக்கித் தொங்கினாள். "ஐயோ, இறங்கும்மா!" என்று மேஸ்திரி பதறினார். அவள் ஒரு தடவை ஆடிப் பார்த்துவிட்டு இறங்கினாள். அப்புறம்தான் குழந்தையைக் கேட்டு என் பக்கம் கையை நீட்டினாள்.