எண் தெரிந்த வாடிக்கையாளர்கள்

குடிநீர்ப் புகாருக்கு ஏழு நாளுக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும் என்பது விதி. அதன் உட்பிரிவுகூட எனக்கு மனப்பாடம். குடிநீர் வாரிய அலுவலகத்தின் புகார்ப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன் நான்.

அந்த அலுவலகத்துக்குப் புகார் வாங்க ஒரு சாட்பாட் செய்த நாகர்கோவில் நிறுவனம், அதைச் சோதிக்க என்னை அழைத்தது. பொதுமக்களைக் கூட்டிவந்து பேச வைக்கவில்லை. இன்னொரு ஏஐ மாடலிடம் ஓர் அட்டையைக் கொடுத்தால், அதில் உள்ள ஆளாக நடித்து அது சாட்பாட்டோடு பேசும். முந்நூறு அட்டைகளை நான் எழுதினேன். பெயர், குறை, குடிநீர் இணைப்பு எண், பொருந்தும் விதி. ஒன்றிலும் குறை வைக்கவில்லை. முந்நூறு உரையாடல்களும் தேறின. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மார்கழி மூன்றாம் தேதி, சோதனை முடிந்து சாட்பாட் புழக்கத்துக்கு வந்தபின், இரணியலில் இருக்கும் என் தங்கை அதில் எழுதினாள். குழாயில் சாக்கடை வாடையோடு தண்ணீர். வீட்டில் பிரசவத்துக்கு வந்த மகள், அவளுக்குப் பிறந்து இருபது நாளான குழந்தை. பதினைந்து நாள் கழித்து என்னைக் கூப்பிட்டாள்.

"அண்ணா, அது இணைப்பு எண்ணையே கேட்டுக்கிட்டு இருக்கு. எனக்கெப்பிடித் தெரியும்? எல்லாம் எங்க வீட்டுக்காரரு தான் பாத்தாவ. அவரு போயிட்டாவ. கேட்டுக் கேட்டு அதுவே புகார முடிச்சிட்டு."

நிறுவனத்துக்கு ஓடினேன். பொறுப்பில் இருந்த பெண் பதிவைத் திறந்தாள். மூன்று முறை எண் கேட்டிருந்தது. பிறகு, 'தகவல் இல்லாததால் புகார் முடிக்கப்பட்டது.'

"இப்படி ஒரு ஆள் சோதனையில வரவே இல்லையே, சார்," என்றவள் பழைய சோதனை உரையாடல்களை ஓடவிட்டாள். முதல் வரியிலேயே எண், இரண்டாவதில் விதி, மூன்றாவதில் நன்றி. "உங்க ஆளுங்க எல்லாரும் வக்கீலா, சார்?"

எண் இல்லாத மனுவை முப்பது வருடம் திருப்பி அனுப்பியவன், எண் தெரியாத மனிதரை அட்டையில் எழுத மறந்திருந்தேன். அந்த மாடல் என்ன செய்யும்? கொடுத்ததை வைத்து நடித்தது.

அன்றே அட்டைகளைத் திருத்தினோம். விதியை நீக்கினோம். பாதிப் பேருக்கு எண் தெரியாது. சிலர் சலித்துப் பாதியில் போவார்கள். சிலர் தெருப்பெயர் மட்டும் சொல்வார்கள். மறுபடி ஓட்டியதில் எண் தெரியாதவர்களில் ஒருவர்கூடத் தேறவில்லை. எண் இல்லாவிட்டால் முகவரி வாங்கி, புகாரை ஒரு மனிதரிடம் தள்ளும்படி சாட்பாட்டை மாற்றினார்கள். பழைய பதிவுகளில் இப்படி முடிந்தவற்றையும் திறக்கச் சொன்னேன். தங்கையுடையது தனியாக இல்லை. எண்ணிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

பதில் வரும்வரை தங்கை பக்கத்து வீட்டுக் கிணற்றிலிருந்து தண்ணீர் கோரிக் காய்ச்சினாள். விதிப்படி மார்கழி பத்தாம் தேதிக்குள் வந்திருக்க வேண்டிய பதில் வந்தது, தை ஒன்பதாம் தேதி.