ஓடிபி யார் போனுக்கு வரும்?

ஆரப்பாளையத்தில் நான் நடத்துவது ஒரு பிரவுசிங் சென்டர். மேசையில் இரண்டு திரைகள் உண்டு. ஒன்று என் பக்கம், இன்னொன்று எதிரே உட்காருகிறவர் பக்கம். நான் அடிப்பதெல்லாம் அதிலும் தெரியும். ஊர்க்காரர்கள் இதை டிவி கடை என்று கிண்டல் செய்கிறார்கள். செய்யட்டும். தன் பெயரில் என்ன எழுதப்படுகிறது என்று பார்க்காமல் "நீங்களே பாத்துப் போடுங்கண்ணே" என்று சொல்லிவிட்டு, பிறகு தப்பாகிவிட்டது என்று சண்டைக்கு வருகிறவர்களைப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போய்த்தான் இரண்டாவது திரையை வாங்கினேன்.

லைசன்ஸ் எடுக்க வருகிறவர்களுக்குத் தினமும் ஒரே பாட்டைத்தான் பாடுகிறேன். முதலில் எல்எல்ஆர், அதாவது பழகுநர் உரிமம். அதற்கு வயதுச் சான்று, முகவரிச் சான்று, போட்டோ, கையெழுத்து. உடம்பு நல்லாயிருக்கிறது என்று நீங்களே தரும் உறுதிமொழி. நாற்பது தாண்டியிருந்தால் டாக்டர் சான்றும் வேண்டும். சாலை விதிகளைப் பற்றிக் கம்ப்யூட்டரில் ஒரு தேர்வு. தேறினால் எல்எல்ஆர் வரும். முப்பது நாள் கழித்து, ஆறு மாதத்துக்குள், ஓட்டிக் காட்டித் தேறினால் லைசன்ஸ். இவ்வளவுதான். இதற்கு மந்திரம் எதுவும் கிடையாது. ஆனாலும் "அண்ணே, டெஸ்ட்டுக்குப் போகாம வாங்க வழி இருக்கா?" என்று கேட்காத ஆள் இல்லை.

அன்றைக்கு மத்தியானம் சரியான வெயில். ஒரு பெண் வந்து உட்கார்ந்தார். முப்பது வயது இருக்கும். கீழக்குயில்குடியில் அம்மா வீட்டில் இருக்கிறாராம். வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்து வருகிற வேலை, ஒரு லேபில் பேசி வைத்திருக்கிறார். ஊசி போடப் படித்தவர். ஸ்கூட்டர் லேபே கொடுக்கும். லைசன்ஸ் மட்டும் இல்லை.

"எல்எல்ஆர் போட்டுட்டேன்னு காட்டுனா எடத்தைப் பிடிச்சு வைக்கிறேங்கிறாங்கண்ணே. இல்லேன்னா வேற ஆளப் போட்டுருவாங்க."

"எல்எல்ஆரை வச்சுத் தனியா வேலைக்கு ஓட்ட முடியாதும்மா. கூட லைசன்ஸ் உள்ள ஆள் இருக்கணும்."

"தெரியும்ணே. பெரிய லைசன்ஸ் வர்ற வரைக்கும் லேப்லயே உக்காந்து எடுக்கச் சொல்லிருக்காங்க."

விவரமான ஆள்தான். போக்குவரத்துத் துறைத் தளத்தைத் திறந்து, தமிழ்நாடு என்று எடுத்து, ஆதார் வழியாக விண்ணப்பம் என்பதை அழுத்தினேன். அந்த வழியில் போனால் பெயரும் முகவரியும் ஆதாரிலிருந்து தானாக வந்து விழும். தேர்வையும் ஆன்லைனிலேயே எழுதலாம். எண்ணை அடித்தேன். ஓடிபி அனுப்பிவிட்டதாகத் திரையில் வந்தது.

"ஓடிபி சொல்லுங்க."

அவர் போனைப் பார்க்கவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவரு நம்பர்தான்ணே குடுத்துருக்கு. திருப்பூர்ல இருக்காரு."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. இவர் மேல் இல்லை. இந்த ஊரில் பாதிப் பெண்களின் ஆதார் வீட்டுக்காரரின் போனிலோ அண்ணனின் போனிலோதான் உட்கார்ந்திருக்கிறது. ஆதார் எடுத்த காலத்தில் வீட்டில் ஒரு போன் இருந்தது, அந்த எண்ணைக் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு ஆளுக்கொரு போன் வந்தாகிவிட்டது. எண்ணை மாற்ற மட்டும் யாருக்கும் தோன்றவில்லை.

"போன் போட்டுக் கேளுங்க" என்றேன்.

போட்டார். எதிர்முனைக் குரல் எனக்கே கேட்டது.

"எதுக்கு நம்பரு? என்ன லோனா?"

"லைசன்ஸுக்கு. மெசேஜ் வந்துருக்கும், பாத்துச் சொல்லுங்க."

"ஆத்தா வீட்ல போயி உக்காந்ததுக்கு இப்ப வண்டி வேற கேக்குதோ? மதுரை பூரா சுத்தப் போறியா?"

"வேலைக்குங்க."

"நான் சொல்ல மாட்டேன். என்ன செய்வ?"

வைத்துவிட்டான். ஓடிபி காலாவதியாகிவிட்டது என்று திரையில் வந்தது. எதிர்த் திரையிலும்தான். அவரும் அதைப் படித்தார்.

பின்னால் காத்திருந்த ஒருவர், "விடு ஆத்தா, ஆம்பளைக்குப் பயம், நீ வண்டிய எடுத்தா நிக்க மாட்டேன்னு" என்றார். அந்தப் பெண் சிரிக்கவில்லை. எனக்கும் சிரிப்பு வரவில்லை.

"இன்னொரு வழி இருக்கு" என்றேன். "ஆதார் ஓடிபி இல்லாமப் போடலாம். ஒங்க சொந்த நம்பருக்குத்தான் மெசேஜ் வரும். ஆனா சான்றை எல்லாம் நாம ஏத்தணும். தேர்வை வீட்ல எழுத முடியாது. நாள் குறிச்சுட்டு ஆர்டிஓ ஆபீசுக்கு அசல் எல்லாத்தையும் எடுத்துட்டு நேர்ல போகணும்."

"போறேன்."

"வயசுக்கு?"

பையிலிருந்து பள்ளி மாற்றுச் சான்றிதழை எடுத்தார். ஸ்கேன் செய்து திரையில் காட்டினேன். பிறந்த தேதியை விரல் வைத்துப் படித்துச் சரி என்றார்.

முகவரிச் சான்றில்தான் மாட்டினோம். ஆதாரில் இருப்பது புருஷன் வீட்டு முகவரி. லைசன்ஸை இப்போது கையில் கொடுப்பதில்லை. தபாலில்தான் வருகிறது.

"அந்த அட்ரஸைப் போட்டா லைசன்ஸ் அந்த வீட்டுக்குத்தான் போகும். மாமியார் வாங்கிக் குடுப்பாங்களா?"

"கிழிச்சுப் போடுவாங்கண்ணே."

"அம்மா வீட்டு அட்ரஸ்ல ஒங்க பேர்ல ஏதாச்சும் இருக்கா?"

யோசித்தார். பிறகு பையின் அடியில் தேடி, ஓரம் பிரிந்துபோன வாக்காளர் அட்டையை வெளியே எடுத்தார். கல்யாணத்துக்கு முன்னால் வாங்கியது. தகப்பனார் பெயரும் கீழக்குயில்குடி முகவரியும் அதில் அப்படியே இருந்தன.

"இதை மாத்தலைன்னு எம்புட்டு ஏச்சு வாங்கிருக்கேன் தெரியுமாண்ணே? ஒவ்வொரு தேர்தலுக்கும் ஓட்டுப் போட அம்மா ஊருக்கு ஓடுறா, அங்க என்ன வச்சிருக்கான்னு அவரு ஆத்தா கத்தும்."

"நல்லவேளை மாத்தலை" என்று அட்டையை ஸ்கேனரில் வைத்தேன்.

தற்போதைய முகவரி கீழக்குயில்குடி. கியர் இல்லாத இருசக்கர வாகனம். உறுதிமொழியில் உள்ள கேள்விகளை ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினேன். வலிப்பு உண்டா, கண் தெரியுமா என்று. கையெழுத்தை வெள்ளைத்தாளில் போட்டார். கட்டணம் கட்டி, நாள் குறித்து, ஒப்புகைச் சீட்டை அச்சடித்துக் கொடுத்தேன். அதை அங்கேயே போட்டோ எடுத்து லேபுக்கு அனுப்பினார்.

எல்எல்ஆர் தேர்வில் தேறிவிட்டார். முப்பது நாள் கழித்து லைசன்ஸுக்கு விண்ணப்பிக்க மறுபடி வந்தார். பழக்கம் விடாமல் முகவரியைத் திரையில் காட்டினேன். படித்துப் பார்த்துத் தலையாட்டினார். ஓட்டிக் காட்டி எட்டுப் போடும் நாளுக்கு வண்டியோடு அதன் இன்சூரன்சையும் புகைச் சான்றையும் எடுத்துப் போகச் சொன்னேன். முதல் தடவை காலைத் தரையில் ஊன்றித் தோற்றுவிட்டார் என்று பிறகுதான் தெரிந்தது. லேபில் இன்னும் பொறுக்கிறோம் என்றார்களாம். அடுத்த தடவை ஊன்றவில்லை.

போன வாரம் கடை வாசலில் ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. தோளில் ரத்தக்குழாய்கள் வைக்கிற நீலப் பெட்டி. ஹெல்மெட்டைக் கழற்றாமலே உள்ளே வந்தார்.

"அண்ணே, ஆதார்ல நம்பர் மாத்தணும்."

"இங்க முடியாது. ஆதார் சென்டருக்குப் போயி கைரேகை வைக்கணும்."

"அதுக்கு ஓடிபி அவருக்குப் போகுமா?"

"போகாது. ஒங்க விரல் போதும்."

"எந்நேரம் வரைக்கும் இருப்பாங்க?"

சொன்னேன். பெட்டியில் இருக்கிற ரத்தம் கெட்டுப்போகும் என்று சொல்லிக்கொண்டே கிளம்பிவிட்டார். நன்றி என்றெல்லாம் சொல்லவில்லை. எனக்கும் நேரமில்லை.

அவர் போனதும் எதிர் நாற்காலியில் பர்தா போட்ட ஒரு பெண் வந்து உட்கார்ந்தார். எல்எல்ஆர் போடணும் என்றார். திரையை அவர் பக்கம் இன்னும் கொஞ்சம் திருப்பினேன். பெயரைக் கேட்கவில்லை, வயதைக் கேட்கவில்லை.

"ஆதார்ல இருக்கிற நம்பர் யார் கையில இருக்கும்மா?"

"எங்க அண்ணன்கிட்ட."

மின்விசிறியைக் கூட்டி வைத்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தேன்.