தள்ளுபடியானது யாருடைய மேல்முறையீடு

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். என் தமிழில் தப்பு கண்டுபிடிக்கிறவன் இனிமேல்தான் பிறக்க வேண்டும் என்று பல பேரிடம் சொல்லியிருக்கிறேன். பாரிமுனையில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் இருபத்திரண்டு வருடம் தட்டச்சு செய்தவள் என்பதால் வந்த திமிர் அது. அலுவலகத்தை மூடியபின் ராயபுரத்தில் வீட்டில் இருந்தபடியே சட்ட மாணவர்களுக்காகத் தீர்ப்புகளைத் தமிழில் சுருக்கிக் கொடுக்க ஆரம்பித்தேன். தமிழில் பரீட்சை எழுதும் பிள்ளைகள் நிறைய. அவர்களுக்குக் கையில் கிடைப்பதெல்லாம் ஆங்கிலப் புத்தகம்.

வேலை இப்படித்தான் நடக்கும். தண்டையார்பேட்டையில் சட்ட மாணவர்களுக்கு டியூஷன் எடுக்கும் சார் ஒருவர், தீர்ப்புத் தொகுப்பின் பக்கங்களைப் போனில் படம் பிடித்து அனுப்புவார். முதலில் தலைக்குறிப்பு. அதாவது தீர்ப்புக்கு மேலே நாலைந்து வரியில் வழக்கு எதைப் பற்றியது, என்ன முடிவு என்று இருப்பது. அது நீதிபதி எழுதுவதில்லை, தொகுப்பைப் போடுகிறவர்கள் எழுதுவது. அதை மொழிபெயர்த்து, கீழே 'நீதிமன்றம் சொன்ன காரணம்' என்று தலைப்புப் போட்டு, உள்ளே உள்ள பத்திகளைச் சுருக்கி எழுதுவேன். முழுத் தீர்ப்பும் நாற்பது ஐம்பது பக்கம் வரும். சார் தேவையான பக்கத்தை மட்டும்தான் அனுப்புவார். நானும் வந்ததை மட்டும்தான் படிப்பேன். நான் எழுதி அனுப்பின உடனே அச்சுக்குப் போய்ச் சின்னப் புத்தகமாக வந்துவிடும்.

போன வருடம் ஒரு சனிக்கிழமை காலை, நெட்டுக்குப்பத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். சட்டக்கல்லூரியில் மூன்றாம் ஆண்டு. அடுத்த புத்தகம் வந்துவிட்டதா என்று கேட்கத்தான் வந்தாள். கையில் பை நிறைய இறால். அம்மா கொடுத்துவிட்டதாம்.

"எதுக்குடி இதெல்லாம்?" என்றேன்.

"உங்க நோட்ஸு மட்டும் இல்லன்னா எங்கம்மா இந்நேரம் கோர்ட்டு கோர்ட்டா அலைஞ்சினு இருந்திருக்கும்க்கா. பெரிய பேஜாருலேர்ந்து தப்பிச்சோம்."

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. காபி போட்டுக்கொண்டே, என்ன விஷயம் என்று கேட்டேன்.

அவள் அப்பா திருவொற்றியூர்ப் பக்கம் ஒரு கண்டெய்னர் யார்டில் காண்டிராக்டரிடம் வேலை பார்த்தவர். சங்கிலி அறுந்து மேலே விழுந்து, வேலை நேரத்திலேயே இறந்துவிட்டார். காண்டிராக்டர் வீட்டுக்கே வந்து அழுதிருக்கிறான். கேஸ் கீஸ் எல்லாம் வேண்டாம், நானே பார்த்து நல்லபடியாகச் செய்கிறேன் என்று சொல்லியிருக்கிறான். பொங்கலுக்குச் செய்கிறேன், ஆடிக்குச் செய்கிறேன் என்று இழுத்தே இரண்டு வருடத்தைத் தாண்டிவிட்டான். தாண்டியதும் போனை எடுப்பதில்லை.

"இரண்டு வருஷம் முடிஞ்சு ஒரு மாசம் ஆச்சு, அப்பதான் அம்மா இழப்பீட்டு மனு போடலாம்னு கெளம்புச்சு. நான்தான் வேணாம்னுட்டேன். உங்க நோட்ஸ்ல கிளியரா கீதேக்கா, இரண்டு வருஷம் தாண்டி வந்த கோரிக்கைய ஏத்துக்க முடியாது, மேல்முறையீடு தள்ளுபடின்னு. அம்மா கேக்கல, சண்டை போட்டுச்சு. நான் உங்க புக்க எடுத்துப் படிச்சுக் காட்டினேன். அப்புறம் அடங்கிச்சு."

"எப்போ இது?"

"ஏழு மாசம் ஆவுது."

சட்டம் இரண்டு வருடம் என்று சொல்வது உண்மைதான். ஆனால் போதுமான காரணம் இருந்தால் தாமதத்தை மன்னிக்கலாம் என்று அதே பிரிவிலேயே இருக்கிறதே! அலுவலகத்தில் அப்படி எத்தனை மனுக்களை என் கையால் தட்டச்சு செய்திருக்கிறேன். காபியை அப்படியே வைத்துவிட்டு, சார் அனுப்பிய பழைய படங்களைப் போனில் தேடினேன்.

படம் பன்னிரண்டாம் பத்தியிலிருந்து ஆரம்பித்தது. பன்னிரண்டு, பதின்மூன்று, பதினான்கு. மூன்றிலும் கோரிக்கை காலம் கடந்தது, கேட்கவே கூடாது என்று கறாராக எழுதியிருந்தது. பிறகு கடைசிப் பக்கம். மேல்முறையீடு தள்ளுபடி. தலைக்குறிப்பில் அது வேலை நேரத்து விபத்தா இல்லையா என்பது மட்டும்தான் இருந்தது, காலவரம்பைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. எனக்கு எல்லாம் சரியாகத்தான் இருப்பதுபோல் பட்டது. பிறகு வழக்கின் பெயரைப் பார்த்தேன். மேல்முறையீடு செய்தவர் பெயர்தான் முதலில் வரும். முதலில் இருந்தது ஒரு கம்பெனியின் பெயர்.

ஐயோ, தள்ளுபடியானது முதலாளியின் மேல்முறையீடு! அப்படியென்றால் ஜெயித்தது அந்தத் தொழிலாளியின் மனைவி.

எப்போதும் ஏழைதான் மேல்முறையீட்டுக்குப் போவாள், தோற்பாள் என்று என் மண்டையில் எவன் எழுதி வைத்தானோ தெரியவில்லை. இருபத்திரண்டு வருடம் வழக்குக் கட்டுகளோடு குப்பை கொட்டியவள், யார் மேல்முறையீட்டாளர் என்றுகூடப் பார்க்காமல் எழுதியிருக்கிறேன்.

"இன்னாக்கா ஆச்சு? ஏன் இப்டி வேர்க்குது உங்களுக்கு?"

முழுத் தீர்ப்பையும் இணையத்தில் தேடி எடுத்தேன். இரண்டு பேரும் ஒரே போனில் தலையை வைத்துப் படித்தோம். பதினோராம் பத்தியின் கடைசி வரியில் இருந்தது எல்லாம். 'மேல்முறையீட்டாளரின் வழக்கறிஞர் பின்வருமாறு வாதிட்டார்.' அதற்குப் பிறகு வரும் மூன்று பத்தியும் அந்த வழக்கறிஞரின் வாதம். தோற்றுப்போன வாதம்! அதைத்தான் நான் 'நீதிமன்றம் சொன்ன காரணம்' என்று தலைப்புப் போட்டு எழுதியிருந்தேன். நீதிபதியின் பதில் பதினேழாம் பத்தியில் இருந்தது. அந்தப் பக்கம் எனக்கு வரவே இல்லை, நானும் கேட்கவில்லை. 'இழப்பீடு தருவதாகச் சொல்லிச் சொல்லியே முதலாளி அந்த விதவையைக் காக்க வைத்தார். அவர் வார்த்தையை நம்பிக் காத்திருந்ததே தாமதத்துக்குப் போதுமான காரணம்.'

அந்தப் பெண் அதை இரண்டு முறை படித்தாள். அவள் வீட்டுக் கதையை யாரோ உட்கார்ந்து எழுதினதுபோல் இருந்தது.

"அம்மா சொன்னதுதான் கரீட்டா?" என்றாள். "நான்தான் எங்கம்மா வாய அடைச்சேனாக்கா?"

"நீ இல்லடி, நான்" என்றேன். அவள் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை. முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

உடனே சாருக்குப் போன் போட்டேன். விஷயத்தைக் கேட்டுவிட்டு அவர் சொன்னார், "விடுங்க மேடம், இந்த வருஷம் அந்தக் கேள்வி வராது."

"யோவ், ஒரு குடும்பம் கெட்டுப் போச்சுய்யா!" என்று கத்திவிட்டேன். அதுவரை அவரை நான் சார் என்றுதான் கூப்பிட்டிருந்தேன். மனிதர் ஆடிப்போய், மாணவர்களின் வாட்சாப் குழுவில் திருத்தம் போடுவதாகச் சொன்னார். போட்டும்விட்டார். அதோடு அந்த விஷயம் முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

அன்றைக்கே அவளோடு பஸ் பிடித்து நெட்டுக்குப்பம் போனேன். அவள் அம்மா கூடையைக் கழுவிக்கொண்டிருந்தது. வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். செருப்பால் அடித்தாலும் வாங்கிக்கொள்வது என்ற முடிவோடுதான் போயிருந்தேன். அது கூடையைக் கவிழ்த்து வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தது.

"இப்போ மனு போட முடியுமா, முடியாதா? அத்த சொல்லு."

"முடியும். ஆனா ஏழு மாசம் வீணாயிடுச்சு. ஏன் வீணாச்சுன்னு கேப்பாங்க."

"கேக்கட்டும். நீ வந்து சொல்லு."

என் பழைய அலுவலகத்தில் இளையவராக இருந்த ஒரு பெண் வழக்கறிஞரிடம் அவர்களைக் கூட்டிப்போனேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, முதல் இரண்டு வருடத்துக்குக் காண்டிராக்டரின் பொய் வாக்குறுதி போதும் என்றார். அதற்குப் பிறகு போன ஏழு மாதத்துக்குத்தான் சிக்கல். வீட்டில் சட்டம் படிக்கிற பெண் இருந்துகொண்டே சும்மா இருந்தீர்களா என்று எதிர்த்தரப்பு பிடித்துக்கொள்ளும். சட்டம் தெரியாது என்பது ஒரு சாக்கே இல்லை.

"நான் பிரமாணப் பத்திரம் கொடுக்கிறேன். என் தப்பை நானே எழுதித் தர்றேன்" என்றேன்.

"பேரு கெட்டுடும் மேடம். நாளைக்கு யாரும் வேலை தர மாட்டாங்க."

"கெடட்டும்."

வாழ்நாளில் நான் எழுதியதிலேயே கஷ்டமான இரண்டு பக்கம் அது. எந்தப் பத்தியை எந்தத் தலைப்பின் கீழ் போட்டேன், எந்தப் பக்கத்தைப் படிக்கவில்லை, எல்லாவற்றையும் எழுதினேன். புத்தகத்தையும் முழுத் தீர்ப்பையும் கூடவே இணைத்தோம். இழப்பீட்டு மனுவோடு தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனுவும் தாக்கலானது.

விசாரணை அன்று நினைத்தபடியே நடந்தது. சட்டம் படிக்கிறவள் ஒரு புத்தகத்தை நம்பி ஏமாந்தாளாம், யார் காதில் பூச்சுற்றுகிறீர்கள் என்கிற மாதிரி காண்டிராக்டரின் வழக்கறிஞர் பேசினார். அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். இழப்பீட்டு மனுக்களை விசாரிக்கும் ஆணையர் என் பத்திரத்தை நிதானமாகப் படித்தார். புத்தகத்தைப் புரட்டினார். என்னை எழுந்திருக்கச் சொன்னார்.

"இது நீங்க எழுதினதா?"

"ஆமாங்க."

"முழுத் தீர்ப்பைப் படிக்கலையா?"

"படிக்கலைங்க."

கூடத்தில் யாரோ சிரித்தார்கள். எனக்குப் பூமி பிளந்தால் தேவலை என்றிருந்தது. இரண்டு வாரம் கழித்து உத்தரவு வந்தது. தாமதம் மன்னிக்கப்பட்டது, மனு எண்ணிடப்பட்டு விசாரணைக்கு ஏற்கப்பட்டது. இழப்பீடு வர இன்னும் எத்தனையோ வாய்தா இருக்கிறது. ஆனாலும் கதவு திறந்துவிட்டது. அந்தப் பெண் அன்றைக்குத்தான் என் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள்.

வெளியே பஸ் நிறுத்தத்தில் அவள் அம்மா என் பக்கத்தில் வந்து நின்றது. நன்றி சொல்லப்போகிறது, எப்படி வேண்டாம் என்று சொல்வது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

"ஏம்மா, அந்த புக்கு எத்தினி பேராண்ட கீது?"

"தெரியலை. ஜெராக்ஸ் எடுத்து எடுத்துக் கைமாறிப் போயிருக்கும். ஆனா திருத்தம் போட்டாச்சு, வாட்சாப்ல."

"எங்க வூட்டுக்கு வாட்சாப்ல வரலியே திருத்தம். எம்பொண்ணு இறாலு எத்துனு வந்தா, அதனால உனக்குத் தெரிஞ்சுது, நீயி வந்த." அது பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்தது. "உங்கிட்ட வராத பொண்ணுங்க எந்த வூட்ல எந்தம்மா வாய அடைச்சினு கீதுங்களோ?"