ஏலாது என்றால் காரணம் கேட்பதில்லை

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் என்று ஊரில் ஒரு பெயர் இருந்தது. பெயரில் பிழையில்லை. ஆனால் பிள்ளைகளைக் காட்டுக்குக் கூட்டிப்போகிற நாளில் மட்டும் என் குரல் ஏறாது. பயந்திருக்கிற பிள்ளைக்குக் கத்திச் சொன்னது ஒன்றும் மண்டையில் தங்காது.

அறுபதுகளின் நடுப்பகுதி. மட்டக்களப்பு நகரத்தில் ஒரு பெண்கள் பாடசாலையில் விளையாட்டும் சுகாதாரமும் படிப்பித்துக்கொண்டிருந்தேன். மேல்வகுப்புப் பிள்ளைகளைக் குடும்பிமலைக்குக் கூட்டிப்போகிறேன் என்று சொன்னதும் ஆசிரியர் அறையில் எல்லோரும் தேத்தண்ணியை மறந்து என்னைப் பார்த்தார்கள். பொடியன்மார் பாடசாலை வருஷா வருஷம் போய் வருகிறதே, எங்கட பிள்ளைகள் கால் வைத்தால் மலை தேய்ந்துவிடுமா என்று கேட்டேன். அதிபர் அம்மா கடைசியில் இரண்டு நிபந்தனை வைத்தார். ஒவ்வொரு தகப்பனும் கையெழுத்து வைக்கவேண்டும். ஆம்பிளைத் துணை ஒன்று கூட வரவேண்டும்.

துணைக்கு ஒரு அரிசி ஆலைக்காரர் முன்வந்தார். அவருடைய மகளும் அந்த வகுப்புத்தான். லொறியையும் தந்தார், தானும் வந்தார். கெட்ட மனிதர் இல்லை. ஆனால் லொறி தன்னுடையது என்றால் அதில் ஏறுகிறவர்களும் தன்னுடையவர்கள் என்று நினைக்கிற சாதி.

போகிற அன்று விடியற்காலை அந்த மகள் பாடசாலைக் கேற்றடியில் என்னை ஒதுக்கமாகக் கூப்பிட்டாள்.

"ரீச்சர், எனக்கு இண்டைக்கு வந்திட்டு."

"வயித்து நோ இருக்கா?"

"இல்ல."

"நடக்க ஏலுமா?"

"ஏலும். அப்பாக்குத் தெரிஞ்சா என்னை விடமாட்டார், ரீச்சர். இந்த மலையை நான் எங்கட வயல் வட்டைக்குள்ள நிண்டு பார்த்துப் பார்த்தே வளர்ந்தனான். ஒருக்கா மேல நிண்டு எங்கட வட்டையைப் பார்க்கவேணும்."

"உனக்கு விருப்பமெண்டா வா. உன்ட உடம்பு. நான் ஒருத்தருக்கும் செல்லமாட்டன்."

என் பையில் மடித்த பழஞ்சீலைத் துண்டுகள் எப்போதும் இருக்கும். எடுத்துக் கொடுத்தேன். சிரித்துக்கொண்டு ஓடினாள்.

கிரான் ஊரைத் தாண்டி, வயல் முடிந்து காடு தொடங்குகிற இடத்தில் லொறி நின்றது. வழிகாட்டி அங்கே எங்களுக்காகக் காத்திருந்தார். அந்தக் காட்டில் தேன் எடுத்துப் பழகிய மனிதர், அதிகம் பேசமாட்டார். மரத்தடியில் ஒரு பிள்ளையார் கல். காட்டுக்குள் போகிறவர்கள் பச்சைக் கொப்பு ஒன்றை முறித்து அங்கே வைத்துவிட்டுத்தான் போவார்கள். பிள்ளைகளும் வைத்தார்கள். நான் வேதக்காரி, கிறிஸ்தவள்; நானும் வைத்தேன். ஒரு வீட்டுக்குள் போனால் அந்த வீட்டு முறைப்படிதானே போகவேண்டும்.

பிறகு எல்லோரையும் நிலத்தில் இருத்தினேன்.

"பிள்ளைகள், கேளுங்க. ஒராளுக்குப் பின்னால ஒராளா நடப்பம். முன்னுக்கு வழிகாட்டி அண்ணன், கடைசியில நான். அண்ணனைத் தாண்டி ஒருத்தரும் போகவேணாம், எனக்குப் பின்னுக்கு ஒருத்தரும் நிற்கவேணாம். பக்கத்தில இருக்கிற பிள்ளைதான் உன்ட சோடி. அவளைக் காணாட்டி உடனே எனக்குச் செல்லு. வழி தவறினா நடக்காத. நிண்ட இடத்தில நிண்டு விசிலை மூண்டு தரம் ஊது. நாங்க தேடி வருவம். நீ எங்களைத் தேடாத."

விசிலை ஊதிக் காட்டினேன். ஒவ்வொருத்தியும் ஊதிப் பார்த்தாள்.

"பாம்பு கடிச்சா ஓடாத, கீறாத, வாய் வைச்சு உறிஞ்சாத. அப்பிடியே இரு, கடிச்ச காலை அசைக்காத, என்னைக் கூப்பிடு. மலையில தேன்கூடு இருக்கு. கல்லெறியிறது, புகை போடுறது ஒண்டும் வேணாம். பூச்சி கிளம்பினா துணியால முகத்தை மூடிக்கொண்டு கீழ இறங்கு. மழை தூறினா கல்லு வழுக்கும். எவ்வளவு கிட்டப் போயிருந்தாலும் அதோட திரும்புவம். யானையைக் கண்டா…"

ஆலைக்காரர் லொறியடியில் நின்று செருமினார்.

"ரீச்சர், காட்டுக்குள்ள போற நேரத்தில அந்தப் பேரெல்லாம் வாயில எடுக்கப்படாது. அபசகுனம்."

பூனை கண்ணை மூடினால் பூலோகம் இருண்டுவிடுமாக்கும். ஆனாலும் அடக்கிக்கொண்டு வழிகாட்டியைப் பார்த்தேன். "பெரியவர் எண்டு சொல்லுங்க, அம்மா. அது போதும்" என்றார். சரி, காட்டுக்குள் யானைக்குப் பெயர் பெரியவர் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவிட்டு மிச்சத்தையும் சொன்னேன். பெரியவரைக் கண்டால் கத்தவேண்டாம், சிதறி ஓடவேண்டாம், குட்டிக்கும் தாய்க்கும் நடுவில் போகவேண்டாம், அண்ணன் கை காட்டுகிற பக்கம் சத்தமில்லாமல் பின்வாங்க வேண்டும்.

"இப்ப கடைசிக் கதை. உங்கட அப்பாமார் கையெழுத்து வைச்சிருக்காங்க. அது அவங்கட சம்மதம். எனக்கு உங்கட சம்மதம் வேணும், உங்கட வாயால. இப்ப ‘வரல்ல’ எண்டு செல்லலாம். பாதி வழியில ‘ஏலாது’ எண்டு செல்லலாம். ஒராள் நில்லெண்டா எல்லாரும் நிற்பம். திரும்புற பிள்ளை தனியத் திரும்பாது. ஏனெண்டு நான் கேக்கமாட்டன். ஒருத்தரும் கேக்கப்படாது, பகிடியும் பண்ணப்படாது."

ஒவ்வொருத்தியாகக் கேட்டேன். வாறன், வாறன் என்று வந்தது. ஒரு பிள்ளை எழும்பி, "நான் வரல்ல, ரீச்சர்" என்றாள். என்னோடு வந்த தையல் ரீச்சரிடம் அவளை விட்டேன்.

"ஏன் புள்ள? இவ்வளவு தூரம் வந்து ஏன்?" என்றார் ஆலைக்காரர்.

"காரணம் கேக்கிறதில்ல, ஐயா."

அவருடைய மகளின் முறை வந்தது. "வாறன்" என்றாள், எல்லோரையும் விட உரத்து.

பிறகு வழிகாட்டியிடம் திரும்பினேன். "அண்ணன், எங்கட உயிரெல்லாம் உங்கட கையில. உங்கட சம்மதமும் வேணும். எங்களைக் கூட்டிப்போக விருப்பமா?"

அவரிடம் அப்படி ஒருவரும் கேட்டிருக்கமாட்டார்கள். நிலத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நீங்க கேட்டதால செல்றன், அம்மா. கோவிக்கப்படாது. துடக்கோட இந்தக் காட்டுக்குள்ள போறல்ல. மலையில சாமி இருக்கு, பெரியவரும் மணம் பிடிப்பார். உங்கட ஆக்களுக்குள்ள அப்பிடி இருக்கா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஒரு சொல்தான். பின்னாளில் அதிபர் அம்மாவும் அதையேதான் கேட்டார், சும்மா இல்லையென்று சொல்லியிருந்தால் யாருக்குத் தெரியப்போகிறது என்று. அந்த மனிதருக்குத் தெரியாது, உண்மைதான். இப்போதுதான் சம்மதம் கேட்டுவிட்டு, அவர் எதற்குப் பயப்படுகிறாரோ அதை ஒளித்துவைத்து அவரைக் காட்டுக்குள் நடத்துவதா? அதற்குப் பெயர் சம்மதம் இல்லை, களவு. துடக்கு என்ற தீட்டை நான் நம்பியதில்லை. எங்கள் வேதக்கோவிலிலும் மாதவிலக்கு நாளில் பெண்ணைப் பார்க்கிற பார்வை ஒன்று உண்டு, அதையும் நம்பியதில்லை. ஆனால் அவர் நம்பினார். அவருக்குத் தெரிந்துகொள்ள உரிமை இருந்தது. யார் என்று தெரிந்துகொள்ள அந்த இடத்தில் ஒருவருக்கும் உரிமை இல்லை.

"இருக்கு, அண்ணன். ஆரெண்டு நான் செல்லமாட்டன்."

"அப்ப நான் வரல்ல, அம்மா."

"சரி, அண்ணன்."

மாசக்கணக்காக ஒவ்வொரு தகப்பனின் வாசலிலும் நின்று வாங்கிய பயணம். பிள்ளைகள் அவரைச் சூழ்ந்துகொண்டு, ஒருக்கா வாங்க அண்ணன் என்று கெஞ்சத் தொடங்கினார்கள். "விடுங்க அவரை. அவர் ஏலாதெண்டிட்டார். அவருக்கு ஒரு சட்டம், உங்களுக்கு ஒரு சட்டமா?" என்றேன். விலகி மறுபடி வரிசையில் இருந்தார்கள்.

ஆலைக்காரர்தான் விலகவில்லை. "ஒருத்திக்காக இத்தனை பேரும் திரும்புறதா? ஆரெண்டு செல்லுங்க ரீச்சர். அவள் லொறிக்குள்ள இருக்கட்டும், மத்தாக்கள் போகட்டும்."

"செல்லமாட்டன்."

"அப்ப நான் கேக்கிறன்."

இருந்த வரிசையில் முதல் பிள்ளையிடம் போய் நின்றார். "நீயா?" அவள் என்னைப் பார்த்தாள். "கேக்கிறதில்லையெண்டு ரீச்சர் சொன்னவ" என்றாள். அடுத்தவளுக்குப் பயத்தில் சிரிப்பு வந்துவிட்டது. அதற்கடுத்த பிள்ளைக்குக் கண் நிறைந்துவிட்டது. வாய் மட்டும் திறக்கவில்லை. நான் நடுவில் போய் நின்றேன். அன்று முதல் தடவையாக என் குரல் ஏறியது.

"போதும், ஐயா. இவங்க உங்கட ஆலைக்கு வந்த நெல்லு மூட்டை இல்ல, ஒவ்வொண்டாக் குத்திப் பார்க்க."

"அப்ப அந்த வெக்கங்கெட்டவள் ஆர்?"

"நான்தான், அப்பா."

அவள் எழும்பி நின்றாள். சட்டையில் ஒட்டிய மண்ணைத் தட்டினாள். முகம் வெளிறியிருந்தது, ஆனால் தலை குனியவில்லை. நான் வாய் திறக்கும் முன், "ரீச்சர் செல்லல்ல. நானாத்தான் செல்றன்" என்றாள். அந்தப் பிள்ளையைப் பார்க்க எனக்கு அழுகையும் வந்தது, பெருமையும் வந்தது.

ஆலைக்காரர் அவளைப் பார்த்தார், பிறகு வழிகாட்டியைப் பார்த்தார். "சரி. நீ லொறிக்குள்ள போ. மத்தாக்கள் போயிற்று வரட்டும்."

"நான் வரல்ல எண்டு செல்லல்லையே, அப்பா. வாறன் எண்டுதான் சொன்னனான். போகேலாட்டிப் பரவால்ல. ஆனா வேணாமெண்டு நானா ஒதுங்கினதா ஒருத்தரும் செல்லப்படாது."

வழிகாட்டி தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். "புள்ளையில எனக்கொரு கோபமும் இல்ல, அம்மா. எனக்குப் பயம், அவ்வளவுதான்" என்றார். "விளங்குது, அண்ணன்" என்றேன். உண்மையில் விளங்கியது.

அவள் இல்லாமல் போவோமா என்று நான் பிள்ளைகளிடம் கேட்டேன். அதையும் அவர்கள் வாயால்தான் சொல்லவேண்டும். ஒருத்தியும் எழும்பவில்லை. மரத்தடியிலேயே சோற்றுப் பார்சலைப் பிரித்துச் சாப்பிட்டோம். வழிகாட்டியும் எங்களோடு இருந்து சாப்பிட்டார். ஆலைக்காரருக்கும் ஒரு பார்சலைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கி மடியில் வைத்துக்கொண்டு பிரிக்காமலே இருந்தார்.

வெயில் ஏறத் திரும்பப் புறப்பட்டோம். பிள்ளைகள் லொறியின் பின்பக்கம் ஏறினார்கள். ஆலைக்காரர் முன்கதவைத் திறந்து, இருக்கையில் கிடந்த சாக்கை எடுத்து உதறி விரித்தார். கோபம் போய்விட்டதா, இல்லை மற்றவர்களோடு அவளை விடக்கூடாது என்று நினைத்தாரா, எனக்குத் தெரியாது.

"இஞ்ச வா புள்ள. முன்னுக்கு இரு."

மகள் பின்பலகையில் ஒரு காலை வைத்தபடி திரும்பினாள்.

"ஏலாது, அப்பா."

அவர் ஏனென்று கேட்க வாயைத் திறந்தார். பிள்ளைகள் எல்லோரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கேட்காமல் கதவைச் சாத்தினார்.