எர்த் பட்டைக்குக் கீழே பெயிண்ட்

எங்கள் கார் பட்டறையில் என் மாமாவை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'கண்ணாடி' என்றால்தான் தெரியும். அவர் பெயிண்ட் அடித்த கதவைப் பார்த்து மீசை வெட்டிக்கொள்ளலாம் என்று நசுங்கல் எடுக்கும் டிங்கர் சொல்வார். என் அக்காவைக் கட்டியவர் அவர். நான் அங்கேயே ஆட்டோ எலக்ட்ரீஷியன். இருபது வருடம் ஒரே கூரையின் கீழ் வேலை பார்த்தோம், அதில் பாதி நாள் சண்டை.

சண்டை என்றால் நான்தான் போடுவேன். பள்ளம் அடைக்கப் பூசிய பட்டியை அவர் தேய்க்கிற தூசி, நான் கரண்ட் பார்க்கும் மீட்டர் மேல் படியும், எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அவருக்கு வராது. என் வாய் ஓய்ந்ததும், "முடிஞ்சுதா மாப்ளே? வா, டீ குடிக்கலாம்" என்பார். திருப்பி நாலு வார்த்தை திட்டினாலாவது மனசு ஆறும். அந்த மனுஷனிடம் அதுவும் கிடைக்காது.

அக்காவுக்கு இதயத்தில் கோளாறு. மாடிப்படி நாலு ஏறினால் மூச்சு வாங்கும். இடது காலில் வேறு பலம் இல்லை. அவளே ஓட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய்வர வேண்டும் என்று மாமா ஒரு பழைய ஆட்டோ கியர் காரை வாங்கினார். கிளட்ச் மிதிக்க வேண்டாம், ஒரு கால் போதும். துருப்பிடித்துக் கிடந்த வண்டி அது. ஆறு மாதம் ஞாயிற்றுக்கிழமை என்று பார்க்காமல் உழைத்தார். பானெட்டுக்கு உள்ளே, யாருமே பார்க்காத இடத்தில்கூட மூன்று கோட் நீலம் அடித்தார். "உள்ளே யார் பாக்கப் போறா?" என்று அக்கா கேட்டதற்கு, "நீ ஒரு நாள் தொறந்து பாப்பேல்ல" என்றார். அவள் சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

பெயிண்ட் அடிக்க பேட்டரியையும் ஒயர்களையும் கழற்றியிருந்தார். திரும்ப மாட்டுவது என் வேலை. பேட்டரியின் மைனஸிலிருந்து பாடிக்குப் போகும் எர்த் பட்டையை நான் சும்மா முடுக்க மாட்டேன். உப்புத்தாள் வைத்து, தகரம் பளிச்சென்று தெரியும்வரை அந்த இடத்தைத் தேய்த்துவிட்டுத்தான் போல்ட் போடுவேன். வண்டியைக் கிளப்பும் செல்ஃப் மோட்டார் இழுக்கிற அத்தனை கரண்டும் அந்த வழியாகத்தான் பேட்டரிக்குத் திரும்ப வேண்டும். பெயிண்ட் மேல் போட்டால் போல்ட் மரை வழியாக ஏதோ கொஞ்சம் ஓடும், வண்டியும் கிளம்பும். உள்ளே ஈரம் இறங்கித் துரு பிடித்தபிறகு விளக்கு எரியும், ஹாரன் அடிக்கும், செல்ஃப் மட்டும் சுற்றாது.

இதெல்லாம் தெரிந்த நான் அன்றைக்கு என்ன செய்தேன்? புதிதாக வாங்கிய மீட்டரில் பட்டித் தூசி விழுந்திருந்தது. "உங்க வண்டில இனிமே நான் கைய வெக்க மாட்டேன், நீங்களே மாட்டிக்கோங்க" என்று கத்திவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன். அவரே மாட்டிக்கொண்டார். சொந்தக் கையால் அடித்த பெயிண்டைச் சுரண்ட எந்தப் பெயிண்டருக்கு மனசு வரும்? மறுநாள் வண்டி ஜம்மென்று கிளம்பியது. நானும் வீம்புக்குத் திறந்து பார்க்கவில்லை.

நாலு மாதம் கழித்து, ஒரு மழை நாள் காலை ஏழு மணிக்கு மாமா போன் செய்தார்.

"மாப்ளே, அக்காவுக்கு மூச்சுத் திணறுது. வண்டி எடுக்க மாட்டேங்குது. டக்கு டக்குன்னு சத்தம் மட்டும் வருது. ஆம்புலன்ஸ் வர அரை மணி நேரம் ஆகுமாம். வரச் சொல்லவா?"

"அதெல்லாம் வேணாம் மாமா. பேட்டரி எறங்கியிருக்கும். சார்ஜ் போட்டது ஒண்ணு இருக்கு, அஞ்சு நிமிஷத்துல வரேன்."

வேணாம் என்று சொன்னது நான்தான். இதை எத்தனை பேரிடம் சொன்னாலும் எனக்குப் பாரம் குறையவில்லை.

பைக்கில் பேட்டரியோடு போனேன். அக்கா காரின் பின் சீட்டில் சாய்ந்திருந்தாள், உதடு கறுத்திருந்தது. "மெதுவா வாடா, மழைல வழுக்கப் போகுது" என்றாள். மூச்சே விட முடியாதவள் எனக்குப் புத்தி சொல்கிறாள். பேட்டரியை மாற்றினேன். மாமா சாவியைத் திருப்பினார். டக் டக் டக். முனைகளைச் சுரண்டி மறுபடி முடுக்கினேன். அதே டக் டக். ஆட்டோ கியர் என்பதால் தள்ளியும் கிளப்ப முடியாது. சாவி திருப்பும்போது பார்த்தேன், பிரகாசமாக எரிந்த விளக்கு செத்துப்போனது. நல்ல பேட்டரி இப்படிப் படுக்காது. அப்போதுதான் புத்தி வந்தது. எர்த் பட்டை முனையைத் தொட்டேன், சுட்டது. மைனஸிலிருந்து நேராக இன்ஜினுக்கு ஒரு தடித்த கேபிளைப் போட்டேன். ஒரே திருப்பில் வண்டி உறுமியது.

அதற்குள் முப்பத்தைந்து நிமிடம் போயிருந்தது. நாங்கள் தெருமுனை திரும்பும்போது என் மடியில் இருந்த அவள் தலை கனத்தது. டாக்டர் நாடி பார்த்தார், வாட்சைப் பார்த்தார், போர்வையை அவள் முகத்துக்கு மேல் இழுத்துவிட்டார்.

ஆஸ்பத்திரி வாசலில் வண்டியை நகர்த்தச் சொன்னார்கள். ஓரங்கட்டிவிட்டு, பானெட்டைத் திறந்து எர்த் பட்டையின் போல்ட்டைக் கழற்றினேன். பட்டைக்குக் கீழே நீலம் அப்படியே இருந்தது, ஓரத்தில் பச்சைக் களிம்பும் துருவும். பெயிண்டைச் சுரண்டிவிட்டு முடுக்கினேன். மாமா பின்னால் வந்து நின்றார்.

"என்னாச்சுப்பா வண்டிக்கு?"

"பேட்டரிதான் மாமா. நான் வாங்கிக் குடுத்த பேட்டரி. செல் செத்துப்போச்சு. இன்னிக்கு நான் கொண்டுவந்ததுலயும் சார்ஜ் பத்தல."

என் மேல் பழி விழட்டும் என்று நினைத்தேன். அவர் தலையை மட்டும் ஆட்டினார். காரியமெல்லாம் முடியும்வரை என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. என்னைத் திட்டாத அந்த மனுஷன், ஒரு தடவை திட்டிவிட்டால் போதும் என்று காத்திருந்தேன்.

பதினைந்து நாள் கழித்துப் பட்டறைக்கு வந்தார். அன்று நான் கழற்றி வைத்த பழைய பேட்டரியைத் தூக்கி வந்து என் மேஜை மேல் வைத்தார்.

"டெஸ்ட் பண்ணு மாப்ளே."

"எதுக்கு மாமா இப்போ?"

"பண்ணு."

லோடு டெஸ்டரை வைத்தேன். முள் பச்சைக்குப் போய் அசையாமல் நின்றது. சிவப்பு என்றால் செத்தது, பச்சை என்றால் நல்லது. இருபது வருடம் என் பக்கத்தில் நின்றவருக்கு அது தெரியாதா? என் பொய்யைக் காட்டிக்கொடுத்த அந்த முள்ளை உடைத்துப்போடலாம் போலிருந்தது எனக்கு.

"பேட்டரி நல்லாத்தான் இருக்கு" என்றார் மெதுவாக. "நேத்து பானெட்டைத் தொறந்தேன். எர்த் போட்ட எடத்துல பெயிண்ட்டைச் சுரண்டியிருக்கே. நான்தானே அது மேல போட்டேன்?"

"நான் போட்டிருக்கணும் மாமா. கோவிச்சுக்கிட்டுப் போனது நான். ஆம்புலன்ஸ் வேணாம்னு சொன்னதும் நான்."

"அப்புறம் ஏன்டா பேட்டரின்னு சொன்னே?"

"தெரிஞ்சா நீங்க தாங்க மாட்டீங்கன்னு..."

அவர் என் முகத்தையே பார்த்தார். கண் கலங்கவில்லை, குரல்தான் உடைந்தது.

"அவ இல்லாததையே தாங்கிட்டு இருக்கேன் மாப்ளே. இதைத் தாங்க மாட்டேனா? பதினஞ்சு நாளா உன்னை மனசுக்குள்ள திட்டித் தீர்த்துட்டேனேடா. அவ தம்பியை."

மேஜை மேல் கவிழ்ந்து அழுதார். நான் பக்கத்தில் நின்றேன். அவர் தோளில் கையை வைக்கக்கூட எனக்குத் தைரியம் வரவில்லை.